பத்து இருபதுக்கு வரவேண்டிய மெயில்

எனக்கு நானே மெயில் அனுப்பிக்கொள்ளும் பழக்கம் ஞாபகமறதியால் வந்தது. அலாரம் வைத்தால் அடிக்கும், அணைப்பேன், எதற்கு அடித்தது என்பதையும் அத்தோடு மறப்பேன். காலண்டரில் குறித்து வைத்தால் திரையின் மேலே ஒரு வரி எட்டிப்பார்க்கும், அதைக் கை தானாகத் தள்ளிவிடும். மெயிலை மட்டும் என்னால் தள்ள முடியாது. தி. நகரில் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் கட்டும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். எனக்கு வரும் வேலையும் திட்டும் மெயிலில்தான் வரும். படிக்காத மெயில் ஒன்று தடித்த எழுத்தில் நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால் அம்மாவின் கண் விஷயத்தை மெயிலிடம் ஒப்படைத்தேன்.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று. மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வலது கண்ணின் நடுப்பார்வை மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. வயதானால் விழித்திரையில் வரும் கோளாறு, கவனிக்காமல் விட்டுவிட்டோம். அதே கோளாறு இடது கண்ணில் தலைகாட்டியபோதுதான் எல்லோருக்கும் புத்தி வந்தது. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்கிறது, அதை வற்றவைக்க மாதம் ஒரு முறை கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். ஐந்து வாரத்தைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாண்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, "போன பார்வை திரும்பி வரும்னு உத்தரவாதம் இல்லை" என்றார். அம்மாவிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு கண்தான்.

ஆழ்வார்பேட்டையில் இருக்கும் அந்தச் சிறிய கண் மருத்துவமனைக்கு ஊசி டாக்டர் வெளியூரிலிருந்து வருகிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும் ஊசி நாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். அவர் வருவது உறுதியான பிறகே பெயர் எழுதுவார்களாம், அதனால் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லி வைக்க முடியாது. முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் திறக்கும். பதினொன்றரைக்குள் பட்டியல் நிரம்பிவிடும். இப்படி ஒரு ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்களுக்குக் கண் தெரியாத அம்மா இருந்திருக்க மாட்டாள்.

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு ஊசி முடிந்ததும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய மருந்துச் சீட்டைப் படம் எடுத்து ஒரு மெயிலில் சேர்ப்பேன். பெறுநர் இடத்தில் என் முகவரியே. தலைப்பில் 'பத்தே முக்கால், அம்மா ஊசி, போன் பண்ணு' என்று எழுதுவேன். அனுப்பும் பொத்தானை அழுத்தாமல், ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஷெட்யூல் சென்ட்' என்பதில் போய், அடுத்த முறை பெயர் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, பத்து நாற்பத்தைந்து என்று நேரம் குறிப்பேன். மெயில் 'ஷெட்யூல்டு' என்ற பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வெள்ளிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு என் பெயரிலிருந்து என் பெயருக்கு வந்து நிற்கும். மூன்று மாதம் இது ஒரு நிமிடம் பிசகாமல் நடந்தது. நானும் அலுவலகத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

நான்காவது மாதம், அந்த வெள்ளிக்கு முந்தின நாள் வியாழக்கிழமை சாயங்காலம். அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து வெண்டைக்காயைத் தொட்டுத் தொட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நாளைக்குப் பத்தே முக்காலுக்கு மெயில் வந்துடும்மா. பதினோரு மணிக்குப் பேர் கொடுத்துடறேன்" என்றேன்.

கத்தி நின்றது. "நாளைக்கு வெள்ளிக்கிழமையோன்னோ. பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகுகாலம்."

"போன மூணு தடவையும் வெள்ளிக்கிழமைதாம்மா."

"எங்கிட்ட நேரம் சொன்னியா நீ? சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

"அவா போனைத் திறக்கறதே பதினோரு மணிக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா கணக்கு டீச்சர். விடை கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டாள். இன்னொரு வெண்டைக்காயை நறுக்கிவிட்டு, "போனைப் பதினோரு மணிக்கே பண்ணு. மெயில் மட்டும் பத்தரைக்கு முன்னாடி வரட்டும். பரஸ்தானம் மாதிரி" என்றாள்.

எங்கள் வீடுகளில் இது உண்டு. ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம் நல்ல நேரமாக இல்லையென்றால், நல்ல நேரத்திலேயே பையையோ குடையையோ கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. மெயிலை அடுத்த வீட்டில் வைக்கும் குடையாக்கிய முதல் ஆள் என் அம்மாவாகத்தான் இருப்பாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இருபத்தைந்து நிமிடம் முன்னால் மெயில் வருவதில் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தேன். கேட்டதைச் செய்துவிட்டால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

அவள் எதிரிலேயே போனை எடுத்தேன். ஷெட்யூல்டு பெட்டியைத் திறந்து அந்த மெயிலைத் தொட்டேன். நேரத்தை மட்டும் மாற்ற அங்கே வழியில்லை. 'கேன்சல் சென்ட்' என்று ஒன்றுதான் இருந்தது. அதை அழுத்தினால் அனுப்புவது ரத்தாகி, மெயில் பழையபடி எழுதி முடிக்காத டிராஃப்ட் ஆகிவிடும். அதிலிருந்து மறுபடி மூன்று புள்ளி, மறுபடி தேதி, மறுபடி நேரம். அழுத்தினேன். டிராஃப்ட் திறந்தது. தலைப்பில் இருந்த 'பத்தே முக்கால்' கண்ணை உறுத்தியது. என் தொழில் புத்தி, எழுத்தைத்தான் முதலில் திருத்தச் சொல்லும். அதை அழித்துப் 'பத்து இருபது' என்று அடித்தேன்.

அப்போது போன் அடித்தது. அலுவலகம். ஏழாம் வகுப்பு அறிவியலில் படமும் படத்துக்குக் கீழே வரும் விளக்கமும் இடம் மாறிப்போயிருக்கின்றன, இதயம் இருக்கும் இடத்தில் நுரையீரல் என்று எழுதியிருக்கிறது, பக்கம் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனேன். கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அம்மா வெண்டைக்காயை முடித்திருந்தாள்.

"மாத்திட்டியா?"

"மாத்தியாச்சும்மா."

பொய் சொல்லவில்லை. மாற்றிவிட்டதாகவே நினைத்தேன். 'பத்து இருபது' என்று என் விரலால் அடித்தது நினைவில் இருந்தது. அடித்தது தலைப்பில் என்பதும், நேரம் குறிக்கவே இல்லை என்பதும் நினைவில் இல்லை. மறுபடி நேரம் குறிக்காதவரை அந்த மெயில் எங்கும் போகாது. டிராஃப்டுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது, அது பாட்டுக்குக் கிடக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? மூன்று மாதமாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க நுரையீரலை அதன் இடத்துக்கு அனுப்பும் வேலையில் போனது. ரங்கநாதன் தெருப் பக்கம் ஏதோ கடைத் திறப்பு, மேளச்சத்தம் நான்காவது மாடி வரை வந்தது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து இருபது வந்தது, போனது. பதினொன்று வந்தது, போனது. மெயில் வரும் என்று நம்பி ஒப்படைத்த பிறகு மூளை அந்த விஷயத்தை இறக்கி வைத்துவிட்டது. வராத மெயிலை எதிர்பார்க்க வேண்டும் என்று நினைவூட்ட இன்னொரு மெயில் போட்டிருக்க வேண்டும் போல. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டேன். பெட்டியில் படிக்காத மெயில் ஒன்றும் இல்லையே என்று அன்று ஒரு முறை சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் வருகிறது.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"பேர் கொடுத்தாச்சோன்னோ?"

அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. "இரும்மா, முகம் அலம்பிண்டு வரேன்" என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனைத் துழாவினேன். இன்பாக்ஸில் இல்லை. ஷெட்யூல்டு பெட்டி காலி. டிராஃப்ட்ஸில், பாதியில் விட்ட இரண்டு விடுப்பு விண்ணப்பங்களுக்கு மேலே, மருந்துச் சீட்டின் படத்தோடு பத்திரமாக இருந்தது: 'பத்து இருபது, அம்மா ஊசி, போன் பண்ணு'. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. முதலில் அந்தச் செயலியின் மேல் வந்தது. நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் எதற்கு முழுதாக ரத்து செய்ய வேண்டும்? ரத்து செய்த பிறகு ஒருவன் பாதியில் எழுந்து போனால், 'அப்பா, இதற்கு நீ நேரம் குறிக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பிறகு அம்மாவின் மேல் வந்தது. பத்தே முக்கால் பத்தே முக்காலாகவே இருந்திருந்தால் பெயர் ஏறியிருக்கும். ராகுகாலத்திலேயே ஏறியிருக்கும். கடைசியில் எல்லாம் என் மேலேயே வந்து உட்கார்ந்தது. குழாயைத் திறந்து முகத்தை அலம்பினேன்.

வெளியே வந்து, "லைனே கெடைக்கலம்மா. கெடைச்சப்போ லிஸ்ட் முடிஞ்சுடுத்து" என்றேன்.

அம்மா, "மெயில் பத்து இருபதுக்கு வந்துதோ?" என்றாள்.

"வந்தது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மாற்றச் சொன்னது தான்தானே என்று அவள் ஆரம்பிப்பாள். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம், என் மடத்தனத்தை என் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு என் குரல் தெரியும்.

"இன்னா சார், நேத்தே முடிஞ்சிபோச்சே. நீங்க கரெக்டா அடிப்பீங்களே, காணோமேன்னு நானே நெனச்சேன்" என்றாள்.

"கொஞ்சம் பாரும்மா. அவங்களுக்கு இருக்கறது ஒரு கண்ணுதான்."

"இங்க வர்ற பாதிப் பேருக்கு அப்டித்தான் சார் கீது. வெயிட்டிங்ல எழுதிக்கிறேன். அன்னிக்கி காலைல வந்து குந்துங்க. யாரும் வரலன்னா சொல்லிப் பாக்கறேன். மூணாவது சனிக்கெழமைக்கு மட்டும் மறக்காம அடிச்சிருங்க."

அடையாறில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையில் விசாரித்தேன். புதிதாக எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகே ஊசி, பரிசோதனைக்கே மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்கு மூன்றாம் சனிக்கிழமையே வந்துவிடும்.

முதல் சனிக்கிழமை காலை ஏழரைக்கே அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பெயருக்கு ஆள் எழுந்திருக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கண் தெரியாத யாரோ ஒருவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டும், யாருக்காவது காய்ச்சல் வர வேண்டும். இப்படியெல்லாம் நினைக்கிற ஆள் நான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் எழுந்தார். பதினொன்றாவதாகக் கூப்பிட்டபோது யாரும் அசையவில்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். கழிப்பறையிலிருந்து ஒரு பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார். பன்னிரண்டாவது ஆள் கதவருகிலேயே தயாராக நின்றிருந்தார்.

"சரி, ஆத்துக்குப் போலாம்" என்று அம்மாதான் சொன்னாள். "பதினஞ்சு நாள்தானே. ஓடிடும்."

ஓடவில்லை. அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பத்து மணியிலிருந்து போனைக் கையில் வைத்தபடி நின்று பெயர் கொடுத்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா செய்தித்தாளைப் படிப்பதை விட்டிருந்தாள். படிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் விளம்பரம் என்றாள். நீர் கோத்தால் நேர்க்கோடுகள் வளைந்து தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் கதவின் கம்பிகள் நடுவில் நெளிகின்றனவா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். எவ்வளவு கொஞ்சம் என்று கணக்கு டீச்சர் சொல்லவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை ஊசி போட்டார்கள். ஏழு வாரம் ஆகியிருந்தது. எழுத்துப் பலகையில் போன முறை படித்த கடைசி மூன்று வரிகளை இந்த முறை அம்மாவால் படிக்க முடியவில்லை. டாக்டர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "நீர் திரும்பவும் கோத்திருக்கு. வற்றினா ஒரு வரி திரும்பலாம். மிச்சம் கஷ்டம்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஒரு வரி திரும்பியது. இரண்டு திரும்பவில்லை.

அம்மா இதை எடுத்துக்கொண்ட விதம்தான் என்னை வாட்டியது. ஒரு நாள் எதிர் வீட்டு மாமி விசாரிக்க வந்தபோது நான் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொல்வது தெளிவாகக் கேட்டது.

"ராகுகாலத்துல ஆரம்பிச்சிருந்தா கண்ணே போயிருக்கும், மாமி. நல்ல வேளை, பத்து இருபதுக்கே மெயில் வராப்பல இவன் மாத்தி வெச்சான். அதனாலதான் ரெண்டு வரியோட விட்டுது."

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினேன். போய், அப்படி ஒரு மெயில் வரவே இல்லை என்று கத்த வேண்டும் போல் இருந்தது. மாமி "பகவான் இருக்கார்" என்றார். நான் போகவில்லை.

ஊசி ஏற்பாட்டில் மருத்துவமனை எதையும் மாற்றவில்லை. நானும் மெயிலை விடவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த மாத ஊசி முடிந்த அன்று, மருத்துவமனை வராந்தாவிலேயே அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் மருந்து போட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி.

"பத்து இருபதுக்குத்தானே போடறே?"

"ஆமாம்மா."

மூன்று புள்ளி, தேதி, நேரம். ஷெட்யூல்டு பெட்டிக்குள் போய், இருக்கிறதா என்று பார்த்தேன். வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். இருந்தது.

"எங்கிட்ட காட்டு. நானும் பார்த்துக்கறேன்" என்றாள்.

அவளுக்கு எட்டும்படி போனை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து யாரோ பில்லுக்குக் கூப்பிட, நான் திரும்பி, வருகிறேன் என்று கை காட்டினேன். மறுபடி பார்த்தபோது அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலையைச் சாய்த்து, இடது கண்ணின் ஓரத்தால் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை எப்போதோ அணைந்து கறுப்பாக இருந்தது.

"தெரியறதாம்மா?"

"ஓ, பேஷா. பத்து இருபதுன்னு போட்டிருக்கே" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.